இரண்டு அறை செப்டிக் டேங்க்: சீட்டில் விடுபட்ட தரை

எட்டுப் பேர் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு அறை செப்டிக் டேங்க் கட்ட மேஸ்திரி எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: செங்கல் 3000, சிமெண்ட் 20 மூட்டை, மணல் ஒரு யூனிட், ஜல்லி அரை யூனிட், கம்பி 40 கிலோ. நீள அகலமோ ஆழமோ சீட்டில் இருக்காது. முன்பு கட்டிய தொட்டியின் நினைவில் எழுதியது அது. நினைவு அநேகமாக ஒத்துவரும், ஆனால் ஒத்துவராத இடத்தில் பெரிய ஓட்டை விழும். இந்தச் சீட்டில் செங்கல் ஆயிரம் கூடுதல், சிமெண்ட் ஏழு மூட்டை குறைவு. கூடுதலுக்கும் குறைவுக்கும் காரணம் ஒன்றல்ல. அதைக் கண்டுபிடிக்க ஒரு தொட்டியை அடியிலிருந்து மூடி வரை கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

எடுத்துக்கொள்ளும் இடம் கட்டியான செம்மண் மேடு, நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிறது. தொட்டி வீட்டின் பக்கவாட்டில் வருகிறது, மேலே கார் ஏறாது. கழிப்பறைத் தண்ணீர் மட்டும் உள்ளே வரும். குளியல், சமையல் தண்ணீருக்குத் தனி வழி இருக்கிறது. தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் உறிஞ்சு குழிக்குப் போகும். உறிஞ்சு குழியின் சாமான் தனிக் கணக்கு, இங்கே சேர்க்கவில்லை.

அளவு

முதல் அறை உள்ளளவு 5 அடி நீளம், இரண்டாவது அறை இரண்டரை அடி. நடுவே 9 அங்குலத் தடுப்புச் சுவர். ஆக மொத்த உள் நீளம் எட்டேகால் அடி, அகலம் 4 அடி. வெளியேறும் குழாயின் அடிமட்டம் வரை தண்ணீர் நாலரை அடி நிற்கும், அதற்கு மேல் ஓர் அடி வெற்றிடம். அதாவது தரைக்கும் மேல்தளத்தின் அடிப்பக்கத்துக்கும் இடையே ஐந்தரை அடி.

முதல் அறையில் 90 கன அடி, இரண்டாவதில் 45 கன அடி, மொத்தம் 135 கன அடி தண்ணீர் நிற்கும். லிட்டரில் சுமார் 3,800. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470. கொள்ளளவு 2,000 லிட்டரைத் தாண்டினால் இரண்டு அறையாகக் கட்டவும், முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுக்கவும் அது சொல்கிறது. காரணம் எளிது. கழிவு அடியில் படிவதும், எண்ணெய்ப் பசையும் இலேசான பொருளும் மேலே ஏடாகக் கட்டுவதும் முதல் அறையில். அங்கே வாயு கொப்பளித்து எழும்போது படிந்தது கொஞ்சம் கலங்கும். கலங்கிய நீர் இன்னொரு முறை அமைதியாக நின்று தெளிய இடம் வேண்டும். அதற்குத்தான் சின்ன அறை. இரண்டையும் சம அளவில் கட்டினால் முதல் அறை சீக்கிரம் நிறையும், லாரியைச் சீக்கிரம் கூப்பிட வேண்டிவரும்.

வெளியளவு ஒன்பதே முக்கால் அடிக்கு ஐந்தரை அடி. சுற்றிலும் ஓர் அடி வேலையிடம் விட்டால் குழி 11 அடி 9 அங்குலத்துக்கு 7 அடி 6 அங்குலம். ஆழம் 6 அடி 5 அங்குலம். இது அடிக் கான்கிரீட் 4 அங்குலம், தரை 5 அங்குலம், சுவர் ஐந்தரை அடி எல்லாம் சேர்ந்து, மேல்தளம் மண்ணுக்கு மேல் 3 அங்குலம் தெரியும்படி வைத்த கணக்கு. ஜேசிபி அரை அடி கூடுதலாகத் தோண்டிவிட்டால் அந்த இடத்தை உதிரி மண் போட்டு மட்டம் செய்யக் கூடாது. அந்த மண் பிறகு அமுங்கும், தரை ஒரு பக்கம் இறங்கும். கூடுதல் பள்ளத்தை அடிக் கான்கிரீட்டாலேயே நிரப்ப வேண்டும். அரை அடி என்றால் கூடுதலாக மூன்று மூட்டைக்கு மேல் போகும். அதனால் கடைசி முக்கால் அடியை மண்வெட்டியால் எடுப்பதுதான் மலிவு.

செங்கல் எப்படி 3000 ஆனது

சேம்பர் செங்கல் 22 சென்டிமீட்டர் நீளம், பத்தரை அகலம், 7 உயரம் என்று வைத்துக்கொண்டால், கலவைச் சந்தோடு சேர்த்து ஒரு கன அடி கட்டுக்குப் பதின்மூன்றரைக் கல் பிடிக்கும். நாட்டுச் செங்கல் சூளைக்குச் சூளை மாறும். அதனால் ஒரு பத்துக் கல்லை வரிசையாக வைத்து அளந்துவிட்டுக் கணக்குப் போடுவது நல்லது.

நான்கு சுவர்களின் நடுக்கோட்டுச் சுற்றளவு இருபத்தேழரை அடி. 9 அங்குலத் தடிமன், ஐந்தரை அடி உயரம் என்றால் 113 கன அடி. தடுப்புச் சுவர் 4 அடி அகலம், 5 அடி உயரம். மேலே அரை அடி வாயு போக விட்டுவிடுகிறோம். அது 15 கன அடி. மொத்தம் 128 கன அடி, கல் 1,735. உடைசல் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,820. தொட்டிக்கு முன்னால் ஒரு சின்ன சேம்பர் கட்ட நூற்றைம்பது சேர்த்து 2,000 கல் இறக்கினால் போதும்.

3000 எங்கிருந்து வந்தது? பாதிக் காரணம் லோடு கணக்கு. மீதிப் பாதிக்கு அர்த்தம் உண்டு: ஆழம் தெரியாமல் எழுதினால் பாதுகாப்பாகக் கூட்டித்தான் எழுத முடியும். இந்தத் தொட்டியில் சுவர் ஓர் அடி உயர்ந்தால் 320 கல்லும் இரண்டேகால் மூட்டை சிமெண்டும் கூடும். ஆயிரம் கல் மிச்சம் என்றால் மேஸ்திரியின் மனதில் இன்னும் மூன்றடி ஆழம் இருக்கிறது என்று பொருள்.

அந்த ஆழத்தைத் தீர்மானிப்பது தொட்டியில்லை, கழிப்பறையிலிருந்து வரும் குழாய். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி சரிவு கொடுப்பது வழக்கம். தொட்டி வீட்டிலிருந்து 20 அடி தள்ளி இருந்தால் குழாய் அரை அடி இறங்கும், 80 அடி தள்ளிப் போனால் இரண்டடி இறங்கும். குழாய் ஒன்றரை அடி கூடுதலாக இறங்கியதும் தண்ணீர் மட்டமும் அதே அளவு கீழே போகும், மேல்தளம் மட்டும் மண் மட்டத்திலேயே நிற்கும். ஆக 480 கல்லும் மூன்றரை மூட்டையும் செலவழித்து வெறும் காற்றுக்கு இடம் கட்டுகிறோம். ஒரு லிட்டர் கொள்ளளவு கூடவில்லை. தோட்டத்து மூலையில் கண்ணில் படாமல் தொட்டி வேண்டும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இடத்தை மாற்ற முடியாவிட்டால் மேல்தளத்தையே கீழே இறக்கி, மேன்ஹோல் கழுத்தை மட்டும் செங்கலால் மேலே ஏற்றிவிடலாம். அப்படிச் செய்தால் மேல்தளத்தின் மீது மண் சுமை ஏறும், கம்பிக் கணக்கை ஒருமுறை பொறியாளரிடம் காட்டிவிட வேண்டும்.

தடுப்புச் சுவரை நாலரை அங்குலத்தில் கட்டினால் நூறு கல் மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. தொட்டி நிறைந்திருக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகத் தாங்கும், அதனால் மெல்லிய சுவர் போதும் என்றே தோன்றும். லாரிக்காரர் முதல் அறையை உறிஞ்சிவிட்டு இரண்டாவதற்குக் குழாயை மாற்றும் இடைவெளியில்தான் அதற்குச் சோதனை. இணைப்பு ஓட்டைக்குக் கீழே இருக்கும் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் நின்று தள்ளும். அரைக் கல் சுவர் பக்கச் சுவரோடு பல் கோத்துக் கட்டாமல் இருந்தால் அங்கேதான் விரியும். 9 அங்குலமாக, ஒவ்வொரு இரண்டாவது வரிசையிலும் பக்கச் சுவருக்குள் கோத்துக் கட்டுவது என்று இங்கே எடுத்திருக்கிறோம்.

கட்டுக் கலவை ஒன்றுக்கு நான்கு. 128 கன அடிக் கட்டுக்கு ஆறே முக்கால் மூட்டை சிமெண்ட், 34 கன அடி எம் சாண்ட். கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துக் கட்ட வேண்டும். காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சந்துக் கலவை பொடியாகவே நிற்கும். இரண்டு நாள் கழித்து ஆணியால் சந்தைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த வரிசை தண்ணீர் தாங்காது. நெட்டுச் சந்தில், அதாவது கல்லுக்கும் கல்லுக்கும் இடையே செங்குத்தாக வரும் சந்தில், கலவை அடைக்காமல் மேலே மட்டும் வைத்துவிட்டுப் போவது இன்னொரு பழக்கம். வீட்டுச் சுவரில் பூச்சு அதை மறைத்துவிடும். இங்கே அது ஒழுக்கு வழி.

தரை

இனி அந்த ஏழு மூட்டை. சீட்டில் அடிக் கான்கிரீட் உண்டு, கட்டு உண்டு, பூச்சு உண்டு, மேல்தளம் உண்டு. தரை இல்லை. ஒன்றரை ஜல்லி போட்ட அடிக் கான்கிரீட்டின் மேலேயே சுவரை எழுப்பி, பிறகு உள்ளே தரைக்கு ஒரு பூச்சு பூசிவிடுவதாக நினைத்து எழுதிய சீட்டு அது. ஒன்றுக்கு நான்குக்கு எட்டு என்ற கலவையில் வரும் அடிக் கான்கிரீட் தண்ணீரைத் தடுக்கும் பொருளே இல்லை. மண்ணுக்கு மேல் ஒரு சுத்தமான மட்டம் கிடைப்பதற்கு மட்டும்தான் அது. அதன்மேல் முக்கால் அங்குலப் பூச்சு போட்டால், சுவர் இறங்கும்போது சுவரும் தரையும் சேரும் மூலையில் முடி போல ஒரு விரிசல் ஓடும். செப்டிக் டேங்கில் ஒழுகும் இடங்களில் முதலிடம் அந்த மூலைக்குத்தான்.

இங்கே எடுத்த தரை 5 அங்குல ஆர்சிசி, ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை. சுவருக்கு வெளியே மூன்று அங்குலம் நீட்டி, பத்தேகால் அடிக்கு 6 அடி. சுவர் இதன்மேல் நிற்கிறது, சுவருக்குள் தரை நிற்கவில்லை. இந்த வித்தியாசம்தான் முக்கியம். சுவரின் பாரம் முழுத் தரையிலும் பரவும், சேர்மான மூலை கான்கிரீட்டுக்கு மேலே வரும். அளவு 25.6 கன அடி: சிமெண்ட் ஐந்தே முக்கால் மூட்டை, எம் சாண்ட் 11 கன அடி, முக்கால் ஜல்லி இருபத்தொன்றரை. கம்பி 8 மில்லி, இரண்டு பக்கமும் 8 அங்குல இடைவெளி, 25 கிலோ. சீட்டில் குறைந்த சிமெண்ட், ஜல்லி, கம்பி எல்லாமே கிட்டத்தட்ட இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

அடிக் கான்கிரீட் பத்தே முக்கால் அடிக்கு ஆறரை அடி, 4 அங்குலம். அதற்கு இரண்டேகால் மூட்டை, 11 கன அடி மணல், 22 கன அடி ஒன்றரை ஜல்லி.

சுவர் எழுப்பிய பிறகு உள்மூலைகளில் இரண்டு அங்குலக் கலவைச் சரிவு வைத்து, சுவரும் தரையும் கோணமாகச் சேராமல் வளைவாகச் சேரும்படி பூச வேண்டும். கரண்டியால் சரியாக வராது. பீர் பாட்டிலின் அடியை வைத்துத் தேய்ப்பது பல ஊர்களில் கொத்தனார்கள் செய்யும் வேலை. அது நன்றாகவே வரும்.

உள்பூச்சு ஒன்றுக்கு மூன்று, 15 மில்லி. தரையையும் சேர்த்து 200 சதுர அடி. வெளிப்பூச்சு ஒன்றுக்கு நான்கு, 12 மில்லி, 168 சதுர அடி. உள்ளே மூன்றரை மூட்டை, வெளியே ஒன்றே முக்கால், அதன்மேல் சிமெண்ட் பால் தேய்க்க ஒரு மூட்டை. பி சாண்ட் மொத்தம் 22 கன அடி. வெளிப்பூச்சை ‘மண்ணுக்குள் போகப்போவதுதானே’ என்று விட்டுவிடுவார்கள். குழியை மூடிவிட்டால் பிறகு பார்க்க முடியாது என்பதுதான் அதைப் பூச வேண்டிய காரணமும்.

மேல்தளம்

மேல்தளம் ஒன்பதே முக்கால் அடிக்கு ஐந்தரை அடி, 5 அங்குலம், 22 கன அடி. மேன்ஹோல் ஓட்டைகளைக் கழிக்கவில்லை. அந்த மிச்சம் ஓட்டையைச் சுற்றி எழுப்பும் விளிம்புக்குப் போய்விடும். சிமெண்ட் 5 மூட்டை, எம் சாண்ட் 9 கன அடி, முக்கால் ஜல்லி பதினெட்டரை.

கம்பி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் தப்பு நடக்கும். தொட்டி நீளமாக இருப்பதால் நீளக் கம்பிதான் பிரதானம் என்று நினைத்துவிடுகிறார்கள். சுமை குறுக்கேதான், 4 அடி இடைவெளியைத் தாண்டிப் பக்கச் சுவருக்குப் போகிறது. எனவே குறுக்குக் கம்பி 8 மில்லி, 6 அங்குல இடைவெளியில், அடியில் வர வேண்டும். நீளக் கம்பி அதன்மேல் 8 அங்குலத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து 26 கிலோ. மேன்ஹோல் ஓட்டையில் வெட்டுப்படும் கம்பிகளுக்குப் பதிலாக ஓட்டையின் நான்கு பக்கமும் இரண்டிரண்டு கம்பி, நான்கு அடி நீளம், இரண்டு ஓட்டைக்கும் சேர்த்து 8 கிலோ. தரையும் மேல்தளமும் சேர்த்து 59 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள 8 மில்லிக் கம்பி ஒன்று 4.74 கிலோ, 13 கம்பி வாங்கினால் வெட்டுச் சேதமும் அடங்கும். கட்டுக்கம்பி ஒரு கிலோ.

மேல்தளத்தின் அடிப்பக்கம்தான் தொட்டியிலேயே மோசமான இடம். அழுகும் கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஈரமான கான்கிரீட்டில் படிந்து, பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். வெற்றிடத்தில் இருக்கும் கான்கிரீட் மேலிருந்து பார்க்க நன்றாக இருக்கும், கீழே மாவாகிக்கொண்டிருக்கும். அதனால் இங்கே கம்பிக்கு ஓர் அங்குலக் கவர் பிளாக் கட்டாயம். உடைந்த ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டால் கான்கிரீட் போடும்போது நகர்ந்துவிடும், கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். தளம் பெயர்ந்து விழும் பழைய தொட்டிகளில் கம்பி வெளியே தெரிவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கவர் பிளாக் 60 வாங்கிவைத்தால் தரைக்கும் மேல்தளத்துக்கும் போதும்.

சென்டரிங் பலகையைப் பற்றிச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை. மேல்தளம் போட்ட பிறகு பலகையும் முட்டும் மேன்ஹோல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஒன்றரை அடிக்கு இரண்டடி ஓட்டையில் வராத பலகை உள்ளேயே தங்கி அழுகும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிரிக்க இறங்கும் ஆள். தொட்டி புதிது, கழிவு ஒரு சொட்டுக்கூட விழவில்லை, என்ன ஆகிவிடும் என்று இறங்குவார்கள். மூடிய தொட்டிக்குள் தேங்கிய ஈரமும் அழுகும் மரமும் பிராணவாயுவைத் தின்றுவிட்டிருக்கும். இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். இரண்டு ஓட்டையையும் இரண்டு நாள் திறந்துவைத்து, காற்றை ஊதி, மேலே இரண்டு பேர் கயிறோடு நின்ற பிறகே இறங்க வேண்டும்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் தளத்தைத் துண்டுத் துண்டாகத் தரையில் வார்த்துத் தூக்கி வைக்கலாம். ஐந்தரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 4 அங்குலத் தடிமன் என்றால் ஒரு துண்டு 185 கிலோவுக்கு மேல் வரும். நான்கைந்து பேர் தூக்கும் பாரம். சந்துகளைக் கலவையால் அடைத்தால் வாயு வராது, எதிர்காலத்தில் ஒரு துண்டை மட்டும் எடுக்கவும் முடியும். மேலே கார் ஏறாத இடத்தில் இந்த முறைக்குத்தான் நம் ஓட்டு.

முழுப் பட்டியல்

| வேலை | சிமெண்ட் (மூட்டை) | மணல் (கன அடி) | ஜல்லி (கன அடி) |
|---|---|---|---|
| அடிக் கான்கிரீட் | 2¼ | 11 | 22 (40 மி.மீ.) |
| தரை ஆர்சிசி | 5¾ | 11 | 21½ (20 மி.மீ.) |
| செங்கல் கட்டு | 6¾ | 34 | – |
| பூச்சு, சிமெண்ட் பால் | 6¼ | 22 (பி சாண்ட்) | – |
| மேல்தளம் | 5 | 9 | 18½ (20 மி.மீ.) |
| கூட்டல் | 26 | 87 | 62 |

குழாய் அடைக்கவும் சிதறலுக்கும் ஒரு மூட்டை சேர்த்து சிமெண்ட் 27. எம் சாண்ட் 70 கன அடி, பி சாண்ட் 25, ஒன்றரை ஜல்லி 25, முக்கால் ஜல்லி 45 என்று இறக்கலாம். செங்கல் 2,000, எட்டு மில்லிக் கம்பி 13. நீர்க்கசிவு தடுக்கும் திரவம் தரை, உள்பூச்சு, மேல்தளம் மூன்றுக்கும் சேர்த்து 3 லிட்டர். மூட்டைக்கு 200 மில்லி என்பது வழக்கமான அளவு, டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் டப்பாவைத்தான் கேட்க வேண்டும். மூட்டைக் கணக்கில் ஒரு மூட்டை 50 கிலோ, கொள்ளளவு ஒன்றேகால் கன அடி. கலவையைச் சட்டிக் கணக்கில் போடும்போது இது நினைவில் இருக்கட்டும். மணல் சட்டியைக் கும்பலாகவும் சிமெண்ட் சட்டியைத் தலைதட்டியும் அளந்தால் ஒன்றுக்கு நான்கு கலவை ஒன்றுக்கு ஆறாகிவிடும்.

சீட்டில் வராத சில்லறை

குழாய் சாமான் மொத்தமே சின்னத் தொகைதான். ஆனால் தொட்டி வேலை செய்வதும் செய்யாததும் அதில்தான் இருக்கிறது. 110 மில்லி பிவிசி டீ இரண்டு, உள்வரும் பக்கம் ஒன்று, வெளியேறும் பக்கம் ஒன்று. உள்வரும் டீயின் கீழ்க்கால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓரடி இறங்க வேண்டும். வெளியேறும் டீயின் கால் ஒன்றரை அடி. இரண்டின் மேல்வாயும் தண்ணீருக்கு மேல் அரை அடி திறந்தபடி நிற்கும். டீ போடாமல் வெறும் குழாயைச் சுவரில் நீட்டிவிட்டால் மேலே மிதக்கும் ஏடு நேராக உறிஞ்சு குழிக்குப் போகும். இரண்டு வருடத்தில் உறிஞ்சு குழி அடைத்துக்கொள்ளும், பழி மண்ணின் மேல் விழும்.

உள்வரும் குழாய், வெளியேறும் குழாயைவிட 3 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். கொத்தனார் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டால் கழிப்பறையிலிருந்து வரும் குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கும், திடக்கழிவு குழாயிலேயே படியும். ஒரு வரிசைச் செங்கல் உயரம் சந்தோடு 8 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 3 அங்குலம். எனவே வெளியேறும் குழாயைவிட ஒரு வரிசை மேலே உள்வரும் குழாய் என்று சொல்லிவிட்டால் அளவுகோலே வேண்டாம். இந்தத் தொட்டியில் மொத்தம் 21 வரிசை; வெளியேறும் குழாய் பதினேழு வரிசை முடிந்ததும் உட்காரும், அதாவது நாலரை அடியில்.

தடுப்புச் சுவரில் தரையிலிருந்து இரண்டேகால் அடி உயரத்தில் 110 மில்லிக் குழாய்த் துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 10 அங்குலம். அது நடுத் தண்ணீரின் உயரம். கீழே வைத்தால் படிந்த சேறு இரண்டாவது அறைக்குப் போகும், மேலே வைத்தால் ஏடு போகும். இரண்டு துண்டையும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் அகலத்தில் பிரித்து வைத்தால் நீர் ஒரே தடத்தில் பாயாது.

இதோடு காற்றுக் குழாய்க்கு 63 மில்லி பிவிசி, வீட்டின் மொட்டை மாடியைத் தாண்டி ஏறும் நீளம், உச்சியில் கொசுவலை போட்ட தொப்பி. வலை இல்லாவிட்டால் தொட்டி கொசுப் பண்ணைதான். மேன்ஹோல் மூடி ஒன்றரை அடிக்கு இரண்டடியில் இரண்டு, ஒன்று உள்வரும் டீக்கு மேலே, இன்னொன்று வெளியேறும் டீக்கு மேலே. ஒரே மூடியைத் தடுப்புச் சுவர் மேல் வைத்து இரண்டு அறைக்கும் சேர்த்து ஆக்கினால் செலவு குறையும். ஆனால் டீ அடைத்தால் மேலிருந்து கம்பி விட முடியாது, அப்போது யாராவது இறங்க வேண்டிவரும். உரிய பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கிச் செப்டிக் டேங்க் சுத்தம் செய்வது 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி குற்றம். லாரிக் குழாய் நேராக இறங்கும்படி மூடியை வைப்பது கட்டும்போதே செய்ய வேண்டிய வேலை.

மண் மூடுவதற்கு முன்

பூச்சு முடிந்து ஏழு நாள் நனைத்த பிறகு, வெளியேறும் குழாயை அடைத்துவிட்டு நாலரை அடி வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். முதல் நாள் மட்டம் இறங்கும், அது செங்கல் குடித்த தண்ணீர். மறுநாள் மீண்டும் நிரப்பி, சுவரில் ஆணியால் கோடு கீறிவிட்டு இருபத்து நான்கு மணி நேரம் விட வேண்டும். இந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 70 லிட்டர் போய்விட்டது என்று பொருள். அவ்வளவு இறங்கினால் வெளிப்பக்கம் ஈரத் தடம் எங்கே என்று பார்க்கலாம். குழி இன்னும் திறந்திருப்பதால் தெரியும். குழாய் சுவரைத் துளைக்கும் இடம், தரை மூலை இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். பிவிசி வழவழப்பில் சிமெண்ட் ஒட்டாது. குழாயின் மேல் பிவிசி பசையைத் தடவி மணலைத் தூவிக் காயவிட்டுப் பிறகு கலவை அடைத்தால் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் செம்மண் மேட்டில் பிரச்சினை இல்லை. காவிரிக் கழிமுகம் மாதிரி இரண்டு மூன்றடியில் தண்ணீர் வரும் ஊரில் இதே தொட்டிக்கு இன்னொரு கவலை உண்டு. சுவர் எழும்பி, பூச்சும் மேல்தளமும் வராத நிலையில் இதன் எடை சுமார் எட்டரை டன். மழையில் குழி சுவரின் உச்சி வரை நிறைந்தால் தண்ணீர் மேலே தள்ளும் விசை ஒன்பது டன்னைத் தாண்டும். காலித் தொட்டி ஒரு மூலையில் எழும்பிவிடும், அல்லது தரை கீறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வேலை நிற்கும் நிலை வந்தால் குழியை இறைத்துக்கொண்டிருப்பதைவிடத் தொட்டிக்குள் இரண்டடி தண்ணீரை விட்டுவைப்பது எளிது. அதுவே பாரம்.